அப்பளப் புள்ளிகளும் ஒளியின் வேகமும்: இரண்டு தகடுகளுக்கு நடுவே நிற்கும் அலை

மைக்ரோவேவ் அடுப்பை வைத்து ஒளியின் வேகத்தை அளக்கிற ஒரு சோதனை இணையத்தில் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. சுழலும் தட்டை எடுத்துவிட்டு, உள்ளே சாக்லேட் கட்டியை வைத்து அரை நிமிடம் ஓட விட வேண்டும். சில இடங்கள் மட்டும் உருகியிருக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, இரண்டால் பெருக்கினால் அலைநீளம். அதை 2.45 கிகாஹெர்ட்ஸ் என்கிற அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒளியின் வேகம். சாக்லேட்டுக்குப் பதிலாக நம்ம ஊர் அப்பளத்தைப் பரப்பி வைத்தாலும் இதே கதைதான். அங்கங்கே வட்டமாகப் பொரிந்திருக்கும், நடுவில் பச்சையாகவே இருக்கும்.

சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அதற்குக் கொடுக்கப்படும் விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒரு விசித்திரமான முடிவு வரும்: அந்த அடுப்பு வேலையே செய்யக் கூடாது! ஏன் என்பதைப் பார்த்துவிட்டால், "அனுமதிக்கப்பட்ட அதிர்வெண்கள்" என்று பாடப்புத்தகம் சொல்வதன் அர்த்தம் சரியாகப் பிடிபட்டுவிடும். ஆகவே அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு தகடு, இரண்டு தகடு

நல்ல கடத்தி ஒன்றின் பரப்பில் மின்காந்த அலை நேராக வந்து மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுமையான கடத்திக்குள்ளே மின்புலம் இருக்க முடியாது. கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் எலக்ட்ரான்கள் உடனே நகர்ந்து அதை அழித்துவிடும். பரப்பை ஒட்டி, பரப்புக்கு இணையாக உள்ள மின்புலம் எல்லையைத் தாண்டும்போது திடீரென்று மாற முடியாது என்பது மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து வரும் நிபந்தனை. உள்ளே பூஜ்யம் என்றால் வெளியே பரப்பிலும் பூஜ்யம்தான். இதில் "இணையாக" என்கிற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

பரப்பில் மொத்தப் புலம் பூஜ்யமாக வேண்டும் என்றால், வரும் அலைக்கு நேர் எதிரான குறியோடு ஒரு அலை திரும்பிப் போக வேண்டும். போகும் அலையும் வரும் அலையும் கூடினால் கிடைப்பது நிலை அலை. சில இடங்களில் மின்புலம் எப்போதுமே பூஜ்யம், அவை கணுக்கள். அவற்றுக்கு நடுநடுவே அதிகபட்சமாக ஆடும் இடங்கள், அவை எதிர்க்கணுக்கள். அடுத்தடுத்த கணுக்களுக்கு இடையே அரை அலைநீளம்.

இதற்கு ஒரே ஒரு தகடு போதும். 1888-இல் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் கார்ல்ஸ்ரூஹ நகரில் செய்தது இதைத்தான். அறையின் ஒரு பக்கம் துத்தநாகத் தகட்டை நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து அலையை அனுப்பி, நடுவில் கம்பி வளையத்தை நகர்த்தி நகர்த்திப் பொறி எங்கே வலுவாக வருகிறது, எங்கே மங்குகிறது என்று பார்த்தார். அலைநீளம் கிடைத்தது. ஒரு தகடு மட்டும் இருக்கும்போது எந்த அதிர்வெண்ணுக்கும் நிலை அலை உருவாகும். அதிர்வெண் மாறினால் கணுக்கள் நெருங்கும் அல்லது விலகும், அவ்வளவுதான். "இந்த அதிர்வெண் கூடாது" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

இரண்டாவது தகட்டை எதிரே வைத்தால்தான் கெடுபிடி ஆரம்பிக்கிறது. அந்தத் தகட்டிலும் மின்புலம் பூஜ்யமாக வேண்டும். அதாவது இரண்டாவது தகடு சரியாக ஒரு கணுவில் போய் உட்கார வேண்டும். தகடுகள் z = 0, z = L என்ற இடங்களில் இருந்தால்:

```
E(z,t) =  E0 sin(kz) cos(ωt)
B(z,t) = -(E0/c) cos(kz) sin(ωt)

sin(kL) = 0   →   k = nπ/L   →   f = n c / 2L,   n = 1, 2, 3, ...
```

வேறு விதமாகவும் இதை யோசிக்கலாம். அலை போய்த் திரும்பி வர 2L தூரம் ஆகிறது. ஒவ்வொரு மோதலிலும் குறி மாறுகிறது, இரண்டு மோதலில் பழைய குறிக்கே வந்துவிடும். எனவே 2L தூரத்துக்குள் முழு எண்ணிக்கையில் அலைநீளங்கள் அடங்கினால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றோடு சேர்ந்து வளரும். அடங்காவிட்டால் சுற்றுக்குச் சுற்று கட்டம் தள்ளிப்போய், பல சுற்றுகள் கூடும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். வெளியிலிருந்து யாரும் அந்த அதிர்வெண்ணைத் தடை செய்யவில்லை. அலை தன் வாலைத் தானே அழித்துக்கொள்கிறது.

மேலே உள்ள இரண்டு வரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மின்புலம் sin(kz), காந்தப்புலம் cos(kz). தகட்டில் மின்புலம் பூஜ்யம், காந்தப்புலமோ அங்கேதான் உச்சம். அந்தக் காந்தப்புலத்தைத் தாங்குவதற்குத்தான் தகட்டின் பரப்பில் மின்னோட்டம் ஓடுகிறது. நேரத்திலும் இப்படித்தான். மின்புலம் எல்லா இடத்திலும் பூஜ்யமாகும் நொடியில் காந்தப்புலம் உச்சத்தில் இருக்கும். ஊஞ்சலில் உயரமும் வேகமும் மாறி மாறி வருவதுபோல, ஆற்றல் எதிர்க்கணுவில் மின்புலமாகவும், கால் அலைநீளம் தள்ளிக் காந்தப்புலமாகவும் மாறி மாறி நிற்கிறது. அப்பளத்தில் இருக்கும் கொஞ்ச நீரைச் சூடாக்குவது மின்புலம். ஆகவே பொரிந்த புள்ளி என்றால் அது மின்புலத்தின் எதிர்க்கணு.

இப்போது கணக்குப் போடலாம்

ஒரு அடுப்பின் உள்ளளவு 33 செ.மீ. அகலம், 33 செ.மீ. ஆழம், 21 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 12.24 செ.மீ., அதில் பாதி 6.12 செ.மீ.

இடது வலது சுவர்களை இரண்டு தகடுகளாக எடுத்துக்கொண்டு f = nc/2L போட்டால், n = 5-க்கு 2.27 கிகாஹெர்ட்ஸ், n = 6-க்கு 2.73 கிகாஹெர்ட்ஸ். நமக்கு வேண்டிய 2.45 நடுவில் மாட்டிக்கொண்டது. 33 செ.மீ.க்குள் அரை அலைகள் 5.39 அடங்குகின்றன, முழு எண் இல்லை. சரி, மேலும் கீழும் பார்க்கலாம் என்றால், 21 செ.மீ.க்கு n = 3 தருவது 2.14, n = 4 தருவது 2.86. அங்கேயும் இல்லை.

இந்தக் கணக்குப்படி அடுப்புக்குள் அலை வளரவே கூடாது. ஆனால் அப்பளம் பொரிகிறது. அப்படியானால் எங்கே விட்டுவிட்டோம்?

சாய்வாகப் போகும் அலை

அலை தகட்டுக்கு நேர்க்குத்தாகத்தான் போய் மோத வேண்டும் என்று நாமாகவே வைத்துக்கொண்டோம். சாய்வாகவும் போகலாமே!

வயலில் 6 அடிக்கு ஒன்றாக நேர்வரப்புகள் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். வரப்புகளுக்குக் குறுக்கே நேராக நடந்தால் 6 அடிக்கு ஒரு வரப்பைக் கடப்பீர்கள். சாய்வாக நடந்தால் அடுத்த வரப்பு வர 7 அடியோ 8 அடியோ ஆகும். வரப்பின் போக்கிலேயே நடந்தால் அடுத்த வரப்பு வரவே வராது. அலையின் முகடுகள்தான் வரப்புகள், அடுப்பின் அகலத் திசைதான் நீங்கள் நடக்கும் திசை. அலை சாய்வாகப் போனால், அகலத் திசையில் அளக்கும்போது அதன் அரை அலைநீளம் நீண்டு தெரியும். 6.12 செ.மீ. என்பது 6.6 ஆக நீண்டால் போதும், 33 செ.மீ.க்குள் சரியாக ஐந்து அடங்கிவிடும்!

முடிவே இல்லாமல் பரந்த இரண்டு தகடுகள் மட்டும் இருந்தால், சாய்வை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதனால் c/2L-க்கு மேலே உள்ள எந்த அதிர்வெண்ணுக்கும் ஏதோ ஒரு சாய்வு பொருந்திவிடும். தனித்தனி அதிர்வெண்கள் என்கிற பேச்சு நேராகப் போய்வரும் அலைக்கு மட்டும்தான் உண்மை. இந்த வரம்பைப் பல விளக்கங்கள் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன. மற்ற நான்கு பக்கமும் சுவரை வைத்து மூடினால்தான் சாய்வுக்கும் கெடுபிடி வரும். அகலத்தில் m, ஆழத்தில் n, உயரத்தில் p என்று மூன்று திசையிலும் முழு எண் அரை அலைகள் அடங்க வேண்டும். மூன்று திசை எண்களையும் பிதாகரஸ் முறையில் கூட்டினால்:

```
f = (c/2) √[ (m/a)² + (n/b)² + (p/d)² ]
```

இங்கே இன்னொரு நுணுக்கம். m, n, p மூன்றில் ஒன்று பூஜ்யமாக இருக்கலாம், இரண்டு பூஜ்யமாக இருக்க முடியாது. முன்னாடி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன "இணையாக" என்ற வார்த்தை இங்கேதான் வேலைக்கு வருகிறது. தகட்டில் பூஜ்யமாக வேண்டியது தகட்டுக்கு இணையான மின்புலம் மட்டும். தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் மின்புலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தகட்டில் சேரும் மின்னூட்டம் அதைத் தாங்கிக்கொள்ளும். அடுப்பில் மின்புலம் மேலும் கீழுமாக இருந்தால், தரையும் கூரையும் அதைக் கண்டுகொள்ளாது. உயரத் திசையில் மாற்றமே இல்லாமல் p = 0 என்று இருந்துவிடலாம். ஆனால் அதே மின்புலம் நான்கு பக்கச் சுவர்களுக்கும் இணையாக இருக்கிறது. அங்கே பூஜ்யமாகியே தீர வேண்டும் என்பதால் m, n இரண்டுமே குறைந்தது 1.

நம் பெட்டிக்கு 2.40 முதல் 2.50 கிகாஹெர்ட்ஸுக்குள் என்னென்ன அடங்குகின்றன என்று பார்க்கச் சின்ன நிரல் போதும்:

```python
from math import sqrt
c = 299792458
a, b, d = 0.33, 0.33, 0.21
for m in range(8):
    for n in range(8):
        for p in range(8):
            if (m, n, p).count(0) > 1:
                continue
            f = c/2 * sqrt((m/a)**2 + (n/b)**2 + (p/d)**2)
            if 2.40e9 < f < 2.50e9:
                print(m, n, p, round(f/1e9, 3))
```

ஓட்டினால் ஏழு வரிகள் வரும். (1,5,1), (5,1,1) இரண்டும் 2.424. (2,5,0), (5,2,0) இரண்டும் 2.446. (2,4,2), (4,2,2) இரண்டும் 2.483. கடைசியாக (2,2,3) மட்டும் 2.497. நேராகப் போகும் அலைக்கு ஒன்றுகூட இல்லாத இடத்தில், சாய்வுகளைச் சேர்த்ததும் வரிசை கட்டி நிற்கின்றன. அடுப்பின் 2.45-க்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது (5,2,0).

அளவுகோலை எந்தப் பக்கம் வைப்பது?

(5,2,0) மட்டும் அடுப்புக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, தரை முழுக்க அப்பளம் பரப்பினால் என்ன தெரியும்? அகலத் திசையில் ஐந்து, ஆழத் திசையில் இரண்டு என்று மொத்தம் பத்துப் புள்ளிகள். அகலத்தில் புள்ளிக்குப் புள்ளி 33/5 = 6.6 செ.மீ., ஆழத்தில் 33/2 = 16.5 செ.மீ.

இணையத்துச் சோதனையில் சொன்னபடி அகலத்தை மட்டும் அளந்தால், 2 × 0.066 × 2.45 × 10⁹ = 3.23 × 10⁸ மீட்டர்/நொடி. உண்மையான மதிப்பைவிட 8 சதவீதம் அதிகம். ஆழத்தை அளந்தவருக்கு 8.1 × 10⁸ வரும், ஒளியே வெட்கப்பட்டுவிடும். இரண்டு பேருமே அளப்பதில் பிசகவில்லை. புள்ளிகளின் இடைவெளி அரை அலைநீளம் என்ற அனுமானம்தான் பிசகு. அது ஒரு திசையில் நீண்டு தெரியும் அரை அலைநீளம், அவ்வளவே.

சரியான வழி, இரண்டு திசையிலும் அளந்து மேலே உள்ள சூத்திரத்தையே திருப்பிப் போடுவது:

```
(2/λ)² = 1/6.6² + 1/16.5² = 0.02296 + 0.00367 = 0.02663
2/λ = 0.1632   →   λ = 12.26 செ.மீ.
```

இப்போது வேகம் 3.00 × 10⁸. அப்பளத்தைக் கெடுத்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

இதிலிருந்து உடனே ஒரு சரிபார்ப்பும் கிடைக்கிறது. சாய்வு இடைவெளியை நீட்டுமே தவிரக் குறைக்காது. எனவே காலிப் பெட்டியில், ஒரே ஒரு மோட் இருக்கும்போது, சுவருக்கு இணையான எந்தத் திசையிலும் புள்ளிகளின் இடைவெளி 6.12 செ.மீ.க்குக் கீழே போக முடியாது. யாராவது 4 செ.மீ. என்று அளந்தால், ஒன்று பல மோட்கள் கலந்திருக்கின்றன, அல்லது உள்ளே இருக்கும் பொருளே அலையைச் சுருக்குகிறது என்று புரிந்துகொள்ளலாம். சுவரிலிருந்து முதல் புள்ளிக்கு உள்ள தூரமும் ஒரு துப்புத்தான். சுவரில் கணு இருப்பதால், முதல் புள்ளி இடைவெளியில் பாதி தூரத்தில், அதாவது 3.3 செ.மீ.யில் வர வேண்டும்.

முழுமையான கடத்தி என்ற பொய்

இன்னும் ஒரு விஷயம் உறுத்த வேண்டும். (5,2,0)-இன் அதிர்வெண் 2.446. அடுப்பு தருவதோ 2.450. 4 மெகாஹெர்ட்ஸ் இடிக்கிறது. "அனுமதி" என்றால் அனுமதிதானே, கிட்டத்தட்ட என்பதெல்லாம் எப்படிச் செல்லும்?

சுவர் முழுமையான கடத்தியாக இருந்தால் செல்லாதுதான். அலை எத்தனை தடவை மோதினாலும் ஆற்றல் குறையாது, எத்தனை கோடிச் சுற்றுகள் வேண்டுமானாலும் போய்வரும். அவ்வளவு சுற்றுகளும் சேரும்போது துளி கட்டப் பிழைகூடப் பெருகி அலையை அழித்துவிடும். ஆனால் உண்மையான சுவரில் பரப்பு மின்னோட்டம் மிக மெல்லிய படலத்தில் ஓடுகிறது. செம்பில், இந்த அதிர்வெண்ணில், அதன் தடிமன் சுமார் 1.3 மைக்ரோமீட்டர். அந்தப் படலத்தின் மின்தடையில் கொஞ்சம் ஆற்றல் ஒவ்வொரு மோதலிலும் போகிறது. உள்ளே இருக்கும் உணவோ இதைவிடப் பல மடங்கு விழுங்குகிறது. அதற்குத்தானே அடுப்பே!

இதை அளக்கும் எண்தான் Q. அனுமதிக்கப்பட்ட அதிர்வெண்ணின் அகலம் f/Q. ஆற்றல் கரைய எடுக்கும் நேரம் Q/(2πf). Q = 10,000 என்று வைத்தால் அகலம் 0.245 மெகாஹெர்ட்ஸ். அந்த நேரத்துக்குள் அலை சுமார் 195 மீட்டர் ஓடும், பெட்டியை 590 தடவை கடக்கும். 4 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் அலை அங்கே நுழையவே முடியாது. உணவு வைத்து Q = 100-க்கு இறங்கிவிட்டது என்றால் அகலம் 24.5 மெகாஹெர்ட்ஸ். அலை சுமார் 2 மீட்டர்தான் ஓடும், ஆறு தடவை பெட்டியைக் கடப்பதற்குள் கரைந்துவிடும். அதற்குள் கட்டப் பிழை பெரிதாகச் சேராது. இப்போது (5,2,0) தன் உச்சத்தில் 90 சதவீதம் வரை ஆடும். 26 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் (5,1,1) கூட ஆறில் ஒரு பங்குக்கு ஆடும்.

ஆக, பாடப்புத்தகத்தின் கூர்மையான கோடுகள் உண்மையில் அகலமான மேடுகள். சுவர் எவ்வளவு நல்ல கடத்தியோ, உள்ளே இருப்பது எவ்வளவு குறைவாக விழுங்குகிறதோ, அந்த அளவுக்கு மேடு கூராகும். நம் சமையலறையில் மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. அதனால்தான் அப்பளத்தில் பத்துப் புள்ளிகள் அணிவகுத்து வராமல், சில புள்ளிகள் பெரிதாகவும் சில இணைந்தும் சில காணாமலும் இருக்கும். அலை எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே விடப்படுகிறது என்பதைப் பொறுத்து, ஒரே அதிர்வெண் கொண்ட (5,2,0), (2,5,0) இரண்டில் எது ஓங்கும் என்பதும் மாறும். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் எல்லா அதிர்வெண்களும் கீழே நகரும், புள்ளிகள் இடம் மாறும். சுழலும் தட்டு இருப்பது இந்தப் புள்ளிகளை உணவின் மேல் நகர்த்திப் பரவலாகச் சூடாக்கத்தான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: தட்டையும் அதைச் சுழற்றும் அச்சுப் பகுதியையும் எடுத்துவிட்டு, அப்பளங்களை இடைவெளி இல்லாமல் தரை அளவுக்குப் பரப்புங்கள். முதல் புள்ளிகள் பொரிந்ததும் நிறுத்திவிடுங்கள், விட்டால் கருகிவிடும். அப்பளம் போன்ற லேசான பொருள் மட்டும் இருக்கும்போது அடுப்பை நீண்ட நேரம் ஓட விடக் கூடாது, விழுங்க ஆளில்லாத ஆற்றல் மேக்னட்ரானுக்கே திரும்பிப் போகும். சுழலும் தட்டே இல்லாத மாடல்களில் பெரும்பாலும் தரைக்கு அடியில் ஒரு விசிறி புலத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அவை இந்தச் சோதனைக்கு ஆகாது.

புள்ளிகள் கிடைத்ததும், அளப்பதற்கு முன்னால் உங்கள் அடுப்பின் உள்ளளவுகளை எடுத்து நிரலில் a, b, d-க்குப் போட்டு ஓட்டுங்கள். 2.45-க்குப் பக்கத்தில் என்னென்ன எண்கள் வருகின்றன என்று பார்த்துவிட்டு, அகலத்திலும் ஆழத்திலும் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு ஜோடியோடு எண்ணிக்கை பொருந்தினால், பிதாகரஸை நம்பி λ கணக்குப் போடலாம். p = 0 இல்லை என்றால் மட்டும் உயரத்துக்கும் ஒரு (p/d)² சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை அப்பளம் காட்டாது, பட்டியல்தான் சொல்லும்.